எட்டு நிமிஷத்து எல்லை

கிரேஸுக்குக் கோபம் வந்தால் முதலில் குரல் இறங்கும். மற்றவர்களைப் போல் கத்த மாட்டாள். மெதுவாகப் பேச ஆரம்பிப்பாள். ஒவ்வொரு சொல்லையும் எண்ணி வைப்பதுபோல் வைப்பாள். அதைக் கேட்டுப் பழகியவர்கள் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவார்கள். பழகாதவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

கோபப்படுவதற்கு அவளுக்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. ஐயம்பேட்டையைத் தாண்டி மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற காலனியில் பிறந்தவள். அப்பா, ஊர்க்காரர்கள் நிலத்தில் கூலிக்கு உழுதவர், பிறகு கொத்து வேலைக்குப் போனவர். அவர் கோயில் பக்கம், அம்மா சர்ச் பக்கம். மூத்தவளுக்கு அம்மா பெயர் வைத்தாள், கிரேஸ் என்று. அடுத்துப் பிறந்தவனுக்கு அப்பா வைத்தார், ராமராஜன் என்று. கிரேஸ் கல்லூரியில் புவியியல் படித்தாள். "பூகோளம் படிச்சு இன்னாம்மா பண்ணப் போறே?" என்று கேட்காத ஆள் அந்தத் தெருவில் கிடையாது. இன்றைக்குக் காஞ்சிபுரத்தில், ஒரு ஜரிகைக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிற மேப்பு கம்பெனியில் பதினோராவது வருடம் வேலை பார்க்கிறாள். மாவட்டத்தின் பாதி ரோடுகள் கம்ப்யூட்டரில் அவள் கையால் வரைந்தவை. காலனிக்காரர்களுக்கு இன்னமும் அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று தெரியாது. கம்ப்யூட்டர்ல ஏதோ கோடு போடுது என்பார்கள்.

உண்மையும் அதுதான். கோடுதான் போடுகிறாள். ஆனால் ஒவ்வொரு கோட்டுக்கும் நீளம் உண்டு, அதில் வண்டி என்ன வேகத்தில் போகும் என்ற கணக்கு உண்டு, எந்தப் பக்கம் போகலாம், எந்தப் பக்கம் போகக்கூடாது என்ற விவரம் உண்டு. மெயின் ரோட்டை அகலப்படுத்தி நடுவில் டிவைடர் கட்டியபோது, பழைய ஒற்றைக் கோட்டை அழித்துவிட்டு இரண்டு கோடாக வரைந்தவள் அவள்தான். டவுனிலிருந்து வெளியே போகிற பக்கம் ஒன்று, டவுனுக்கு வருகிற பக்கம் ஒன்று. எங்கெங்கே திரும்புவதற்கு இடைவெளி விட்டிருக்கிறார்கள் என்று வண்டியில் போய்ப் பார்த்து, அங்கே மட்டும் இரண்டு கோட்டையும் இணைத்தாள். அந்த வேலையில் அவளுக்குப் பெருமை இருந்தது. வெளியே சொன்னதில்லை.

அந்த ரோட்டால்தான் வந்தது எல்லாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி வீட்டுக்குப் போயிருந்தாள். தம்பி மனைவி அபிக்கு ஏழாம் மாதம். முதல் குழந்தை கலைந்துபோய் இரண்டு வருடம் கழித்துத் தரித்தது. அபி குழம்பைத் தாளித்துக்கொண்டே, ஏதோ கடைக்காரன் கடையை மூடுவதுபோல் சாதாரணமாகச் சொன்னாள்.

"அண்ணி, நம்ம கிளினிக்கை மூடறாங்களாம். கலாவதி சிஸ்டர் சொல்லிச்சு. மாசக் கடைசியோட சரியாம்."

காலனி முனையில் இருக்கிற கிளினிக் டவுனில் உள்ள ஓர் அறக்கட்டளை நடத்துவது. இரண்டு கட்டில், ஒரு பிரசவ அறை, ராத்திரி பகல் எந்நேரமும் நர்ஸ் கலாவதி. சுற்றி இருக்கிற நாலைந்து காலனிகளுக்கு அதுதான் கதி. அபிக்கு முதல் தடவை ரத்தம் போனபோது அந்தக் கட்டிலில் போட்டுத்தான் உயிரைப் பிடித்து நிறுத்தினாள் கலாவதி.

"ஏன் மூடறாங்க?" என்றாள் கிரேஸ்.

"டவுன் பக்கம் ரோட்டு மேலயே புதுசா பெரிய கிளினிக் கட்டிட்டாங்க இல்ல. அங்க போறதுக்கு எட்டு நிமிஷம்தானாம். கால் மணி நேரத்துக்குள்ள போக முடியற ஊருக்கெல்லாம் தனியா ஒண்ணு எதுக்குன்னு மேப்பு போட்டுப் பாத்து முடிவு பண்ணிட்டாங்களாம்."

"யார் போட்ட மேப்பு?"

அபிக்குத் தெரியவில்லை. கிரேஸுக்குத் தெரிந்துவிட்டது. இந்த ஊரில் அந்த மாதிரி மேப்பு போடுகிற கம்பெனி ஒன்றுதான் இருக்கிறது. ஏனாத்தூர் பக்கம் வீடு வீடாக சர்வே எடுக்க அவளை இரண்டு மாதம் அனுப்பிவிட்டு, இந்த வேலையை அவள் இல்லாத நேரத்தில் முடித்திருக்கிறார்கள். பிறகு அபி போட்ட சோறு இலையில் அப்படியே கிடந்தது.

மறுநாள் காலையில் ஆபீஸ் திறந்த கையோடு அந்த ஃபைலைத் திறந்தாள். அவள் வரைந்த ரோடுகள்தான். புதுக் கிளினிக்கைச் சுற்றிப் பச்சை நிறத்தில் ஓர் உருவம், கைகால் நீட்டிப் படுத்த தவளை மாதிரி, ரோடுகள் போகிற போக்கில் நீண்டு கிடந்தது. அது கிளினிக்கிலிருந்து கால் மணி நேரத்து எல்லை. கிழக்கே நீட்டிய காலுக்குள் அவள் காலனி பத்திரமாக இருந்தது.

கம்ப்யூட்டர் அதைச் செய்கிற விதம் எளிது. கிளினிக் வாசலில் தொடங்கி எல்லாக் கோடுகளிலும் ஒரே நேரத்தில் வண்டி விட்டால் எப்படியோ அப்படி. ஒவ்வொரு கோட்டிலும் அதன் நீளத்துக்கும் வேகத்துக்கும் ஏற்ற நிமிடத்தைக் கூட்டிக்கொண்டே போகும். ஓரிடத்துக்கு இரண்டு வழி இருந்தால் சீக்கிரம் சேருகிற வழியைத்தான் எடுக்கும். பதினைந்து நிமிடம் தீர்கிற இடங்களில் நிற்கும். நின்ற இடங்களையெல்லாம் சுற்றி வளைத்தால் எல்லை. ஆனால் வண்டியை எந்தத் திசையில் விடுவது என்று ஒரு கேள்வி உண்டு. கிளினிக்கிலிருந்து வெளியே போகிற வண்டியா, வெளியிலிருந்து கிளினிக்குக்கு வருகிற வண்டியா? நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், அந்த மென்பொருள் தானாகவே வெளியே போகிற வண்டி என்று எடுத்துக்கொள்ளும். பார்சல் கொடுக்கிறவனுக்கு அது சரி. தீயணைப்பு வண்டிக்கும் சரி. ஆனால் நோயாளி கிளினிக்கிலிருந்தா கிளம்புவாள்?

கிரேஸ் அந்த இடத்தைப் பார்த்தாள். யாரும் தொட்டிருக்கவில்லை. 'வெளியே' என்றே இருந்தது.

'உள்ளே' என்று மாற்றி ஓட விட்டாள். பச்சை நிறம் கிழக்கிலிருந்து சுருங்கியது. ஆஸ்பத்திரிக்குப் பஞ்சமே இல்லாத டவுன் பக்கம் மட்டும் நன்றாக நீட்டிக்கொண்டு நின்றது. காலனி வெள்ளையில் கிடந்தது. கூடவே அதைச் சுற்றி இருந்த காலனிகளும்.

காரணம் அவள் வரைந்த டிவைடர். கிளினிக்கும் காலனியும் ரோட்டின் ஒரே பக்கம். டவுனிலிருந்து வெளியே போகிற வண்டிகளுக்கான பக்கம் அது. கிளினிக்கிலிருந்து கிளம்பினால் நேரே காலனி. எட்டு நிமிடம். ஆனால் காலனியிலிருந்து கிளினிக்குக்கு வர வேண்டுமென்றால், முதலில் கிளினிக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே போக வேண்டும். அங்கே இடைவெளியில் திரும்பி, எதிர்ப் பக்கம் வழியாக அத்தனை தூரமும் திரும்பி வந்து, கிளினிக்கை எதிரே பார்த்துக்கொண்டே தாண்டிப் போய், டவுன் பக்கத்து இடைவெளியில் இன்னொரு தடவை திரும்பி வர வேண்டும். இருபத்து மூன்று நிமிடம்.

முதலாளி சீனிவாசன் உள்ளே வந்ததும் இரண்டு மேப்பையும் அவர் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"சார், திசை தப்பா ஓட்டியிருக்குது. அறக்கட்டளைக்குச் சொல்லி மாத்திக் குடுத்துடலாம்."

சீனிவாசன் கெட்ட மனிதர் இல்லை. மழை வந்தால் சீக்கிரம் வீட்டுக்குப் போகச் சொல்கிறவர். ஆனால் கொடுத்த வேலையில் தப்பு இருக்கிறது என்று சொல்வதைவிட, கொடுத்த வேலையைத் தாங்கிப் பிடிப்பது அவருக்குச் சுலபம்.

"அதெல்லாம் கள ஆய்வு பண்ணியாச்சும்மா. தர்மன் போய் டைம் எடுத்துட்டு வந்தான். காலனியிலருந்து கிளினிக்குக்கு எட்டு நிமிஷம். கம்ப்யூட்டரும் எட்டு. ரெண்டும் ஒத்துப்போச்சு. இன்னும் இன்னா வேணும்?"

"காலனியிலருந்து கிளினிக்குக்கா?"

"ஆமா. நீ கேக்கற திசையிலதான்."

கிரேஸின் குரல் இறங்கியது. வெளியே வந்து தர்மனிடம் கேட்டாள். தர்மன் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆன பையன், டவுன்காரன்.

"எந்த வழியாப்பா போனே?"

"என் வண்டி பஞ்சர்க்கா. அதனால ஷேர் ஆட்டோல ஏறிட்டேன். காலனி முனையில ஏறி ஃபோன்ல டைம் போட்டேன், கிளினிக் வாசல்ல நிறுத்தினேன்." அவன் கொஞ்சம் பெருமையாகச் சிரித்தான். "உங்க தம்பி வண்டிதான்க்கா. காசுகூட வாங்கல."

அவ்வளவுதான். அவளுக்குப் புரிந்துவிட்டது. ராமராஜனும் அந்தப் பக்கத்து ஆட்டோக்காரர்கள் எல்லோரும் காலனியிலிருந்து டவுனுக்கு ராங் சைடில்தான் போவார்கள். ஓரத்து மண்ணில் ஒரு சக்கரம், தாரில் இரண்டு சக்கரம், எதிரே வருகிற லாரிக்கு ஹெட்லைட்டைப் போட்டுக் காட்டிக்கொண்டு. யாரும் அதை ராங் சைடு என்றுகூடச் சொல்வதில்லை. 'நேர் வழி' என்பார்கள். போன வருடம் அந்த நேர் வழியில் ஒரு கம்பெனி பஸ் மோதி மூன்று பேர் செத்தார்கள்.

அன்றைக்குச் சாயந்திரம் தம்பி வீட்டு வாசலில் நின்று கேட்டாள். உள்ளேகூடப் போகவில்லை.

"தர்மனை எந்தப் பக்கமா கூட்டினு போனே?"

"எந்தப் பக்கமா போவாங்க? நேராத்தான்," என்றான் ராமராஜன். "ஆபீஸ் ஆளாச்சே, சீக்கிரமா கொண்டுபோய் உட்டேன். எட்டு நிமிஷம்க்கா. வேற எவனாலயும் முடியாது."

"நீ ஓட்டின எட்டு நிமிஷத்தை வெச்சுத்தான்டா கிளினிக்கை மூடறாங்க."

அவன் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "நான் இன்னாக்கா பண்ணேன்? ஊரே அப்படித்தான் போவுது."

"ஊரே போவுது. ஊர் வயித்துலயா புள்ளை இருக்குது? உம் பொண்டாட்டி வயித்துல இருக்குது. ராத்திரி வலி வந்தா அந்த லாரிங்களுக்கு எதிரே ஓட்டினு போவியா அவளை வெச்சுக்கினு?"

அவன் திரும்பி உள்ளே பார்த்தான். கதவுக்குப் பின்னால் அபி நின்றிருந்தாள்.

அறக்கட்டளையின் செயலாளர் சபாபதி பிள்ளையார்பாளையத்துக்காரர். பரம்பரையாகத் தறி வைத்திருக்கிற குடும்பம். இன்றைக்கும் வீட்டில் நான்கு தறி ஓடுகிறது. நெற்றி நிறையத் திருநீறு, பேச்சில் அவசரமே கிடையாது. வியாழக்கிழமை அவர் வீட்டு முன்கூடத்தில், தறிச் சத்தத்துக்கு நடுவே, கிரேஸ் இரண்டு மேப்பையும் விரித்தாள். சீனிவாசன் பக்கத்தில் முள்மேல் உட்கார்ந்ததுபோல் உட்கார்ந்திருந்தார். அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார். நானே போய்க்கொள்கிறேன் என்று அவள் சொன்னதும், கூட வருவதே மேல் என்று வந்துவிட்டார்.

"உங்க தறியில நூலை இழுத்துக்கினு ஓடற நாடா போன வழியிலயே திரும்பி வந்துடும் சார்," என்றாள் கிரேஸ். "இந்த ரோட்ல வராது. இந்த மேப்பு கிளினிக்லருந்து போறவங்களுக்குப் போட்டது. வர்றவங்களுக்குப் போட்டா இதோ, எங்க பக்கமெல்லாம் வெளியே போயிடுது."

சபாபதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார். அவருக்குப் புரியாமல் இல்லை.

"சரிம்மா. ஆனா நேர்ல போய்ப் பாத்ததுல எட்டு நிமிஷம்னுதானே வந்திருக்குது?"

"அது ராங் சைடுல வந்த டைம் சார்."

"ராங் சைடுதான். இல்லேங்கல." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா நடைமுறைன்னு ஒண்ணு இருக்குது பாருங்க. அந்தப் பக்கத்து ஜனங்க அத்தனை பேரும் அப்படித்தானே வர்றாங்க? நீங்க போட்டது சட்டத்துக்குச் சரி. நிஜத்துல அவங்களுக்கு ஆவுற நேரம் எட்டு நிமிஷம். நாங்க நிஜத்தைத்தானே பாக்கணும்?"

சீனிவாசன் நிம்மதியாக மூச்சு விட்டார்.

அந்த நிமிடத்தில் கிரேஸுக்கு வந்த கோபத்தை அவளாலேயே தாங்க முடியவில்லை. தெரியாமல் செய்த தப்பைத் திருத்திவிடலாம். இது தெரிந்தே சொல்வது. சாவுக்கு எதிரே ஓட்டிக்கொண்டு வருகிறீர்கள், பரவாயில்லை, அதையே உங்கள் வழியாக எழுதிக்கொள்கிறோம் என்று சொல்வது. அதையும் ஒரு நல்ல மனிதர், திருநீறும் சாந்தமுமாக, காபி கொடுத்து உபசரித்துச் சொல்கிறார். இவர் வீட்டுப் பெண்ணுக்கு வலி வந்தால் எந்த ரோட்டில் கொண்டுபோவார்?

"அப்படின்னா ஒண்ணு பண்ணலாம் சார்," என்றாள். குரல் தறிச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை; சபாபதி முன்னால் சாய்ந்து கேட்க வேண்டியிருந்தது. "நான் மேப்புல அந்த ரோட்டை ரெண்டு பக்கமும் போகலாம்னு மாத்திடறேன். உங்களுக்கு வேண்டிய எட்டு நிமிஷம் வந்துடும். கீழ ஒரு வரி போடுவேன்: புள்ளத்தாச்சிங்க எதிர்த் திசையில வண்டி ஓட்டிக்கினு வருவாங்கன்னு வெச்சுக் கணக்குப் போட்டது. அதுக்குக் கீழ நீங்க கையெழுத்துப் போடுங்க."

"கிரேஸ்," என்றார் சீனிவாசன்.

சபாபதி கழற்றிய கண்ணாடியை மடித்து வைத்தார். "கோவப்படாதீங்கம்மா," என்றார். "நான் ஒரு தடவை நேர்ல வந்து பாக்கறேன். வந்து பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

அவர் காரில் வருவதாகத்தான் சொன்னார். கிரேஸ் ஒப்புக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலையில் காலனி முனையில் ராமராஜனின் ஆட்டோ நின்றது. பின்னால் சபாபதி, சீனிவாசன், கிரேஸ். எதிர்ப் பலகையில் அபி. புதுக் கிளினிக்கில் அவளுக்குச் செக்கப்புக்குச் சொல்லியிருந்தார்கள். அவளாகவே வருகிறேன் என்று ஏறிக்கொண்டாள். மெயின் ரோட்டில் ராமராஜன் நின்று அக்காவைத் திரும்பிப் பார்த்தான். நான்கு நாளாக அவள் அவனோடு பேசவில்லை.

"தினம் போற மாதிரி போ," என்றாள்.

அவன் வலது பக்கம் திருப்பினான்.

முதலில் ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டு விலகிப் போனது. பிறகு பைக்குகள். சபாபதி கம்பியைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச தூரத்தில், எதிரே வந்த டிராக்டரை இடப்பக்கமாக முந்திக்கொண்டு ஒரு ஜல்லி லாரி இவர்கள் ஓரத்துக்கே ஏறி வந்தது. ராமராஜன் ஹெட்லைட்டைப் போட்டான், ஆட்டோவை மண்ணில் இறக்கினான், ஒரு பக்கமாகச் சாய்ந்தது வண்டி. லாரி கடந்த காற்றில் சீட்டுத் துணி படபடத்தது. அபி இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சத்தம் போடவில்லை. அந்த வழியில் போகிற யாருமே சத்தம் போடுவதில்லை.

"நிறுத்துப்பா," என்றார் சபாபதி. "நிறுத்து."

இறங்கிப் புழுதியில் நின்றார். அவ்வளவு சாந்தமான மனிதர் ராமராஜனைப் பார்த்துக் கத்தினார்.

"அறிவிருக்குதாய்யா உனக்கு? புள்ளத்தாச்சியை வெச்சுக்கினு இப்படியா ஓட்டுவே?"

ராமராஜன் தலையைக் குனிந்துகொண்டான். கிரேஸ் இறங்கி அவர் முன்னால் வந்து நின்றாள்.

"அவனைக் கேக்காதீங்க சார். இந்த அறிவைத்தான் நீங்க நடைமுறைன்னு சொன்னீங்க. இதை வெச்சுத்தான் கிளினிக்கை மூடறதுக்கு முடிவு பண்ணீங்க."

சபாபதி மறுபடி வண்டியில் ஏறிக்கொண்டு, "சரியான வழியில போப்பா," என்றார்.

போனார்கள். திரும்பி, காலனியைத் தாண்டி, கிழக்கே இடைவெளிவரை போய், எதிர்ப் பக்கம் ஏறி, மறுபடி அத்தனை தூரமும் வந்தார்கள். ஒரு கட்டத்தில் டிவைடருக்கு அந்தப் பக்கம் புதுக் கிளினிக் தெரிந்தது. புதுப் பெயிண்ட், பெரிய போர்டு, திறந்திருந்த கேட். கல் எறிந்தால் போய் விழுகிற தூரம். ஆட்டோ நிற்காமல் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. அபி கழுத்தைத் திருப்பி அது பின்னால் போவதைப் பார்த்தாள்.

"சார்," என்றாள். பெரிய மனிதர்களிடம் பேசிப் பழக்கமில்லாதவள். "வலியெடுத்து வந்தா, இங்க இறங்கி நடுவுல இருக்கற செவுத்தை ஏறித் தாண்டணுமா? இல்ல, சுத்திக்கினு வர்ற வரைக்கும் பொறுத்துக்கணுமா? எது பண்ணணும்னு சொல்லிட்டீங்கன்னா நல்லாருக்கும்."

கேலிக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். சபாபதி அவளைப் பார்த்தார், பிறகு வெளியே பார்த்தார்.

கிளினிக் வாசலில் இறங்கியதும், கேட்டுக்கு உள்ளேகூடப் போகாமல், கலாவதிக்கு ஃபோன் செய்தார். "சாமான் எதையும் மூட்டை கட்ட வேணாம்மா. மூடல. ஆமா, மூடல. கூட்டத்துல நான் பேசிக்கறேன்." பிறகு சீனிவாசனிடம், மற்ற கிளினிக்குகளின் மேப்புகளையும் திசையை மாற்றிப் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். அதைக் கிரேஸே போட வேண்டும் என்றார். காரை வரச் சொல்லி ஏறிப் போய்விட்டார்.

சீனிவாசன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு எல்லாம் நல்லபடியாக முடிந்த சந்தோஷம்.

"பாத்தியா கிரேஸ்? நேர்ல காட்டினதும் மனுஷன் ஒத்துக்கினாரு. நல்ல மனுஷன். இனிமேயாவது சிரிம்மா."

"நேர்ல காட்டினது புதுசா ஒண்ணுமில்ல சார்," என்றாள் கிரேஸ். "வியாழக்கிழமை நான் மேப்புல காட்டினதைத்தான் இன்னிக்கு லாரி காட்டிச்சு. லாரிக்குக் குடுத்த மரியாதையை எனக்குக் குடுத்திருந்தா, இந்தப் பொண்ணை அது எதிர்ல கொண்டுபோய் நிறுத்தியிருக்க வேணாம்."

சீனிவாசன் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். அவளுக்கும் அவர்மேல் மட்டும் கோபம் இல்லை. தினம் போகிற மாதிரி போ என்று சொன்னவள் அவள்தான். அபி ஏறுகிறேன் என்றபோது வேண்டாம் என்று சொல்லாதவளும் அவள்தான். நம்ப வைப்பதற்கு வேறு வழி வைக்காதவர்கள்மேல் வந்த கோபம், தன்மேலும் கொஞ்சம் பட்டுத் தெறித்தது.

செக்கப் முடிந்து அபி வெளியே வந்தாள். குழந்தை நன்றாக இருப்பதாகச் சொன்னார்களாம். கிரேஸ் அவளைக் கைப்பிடித்து ஆட்டோவில் ஏற்றி, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ராமராஜன் இரண்டு பக்கமும் பார்த்து வண்டியை எடுத்தான். வீட்டுக்குப் போகும்போது மட்டும் அது நிஜமாகவே நேர் வழி. வழியெல்லாம் அவன் ஒரு வண்டியையும் முந்தவில்லை.